ஏழு நாள் பர்மிட்டைத் திரும்பப் பெறுங்கள்: தொழிற்சாலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கோத்தகிரிச் சரிவில் உள்ள நம் தேயிலைத் தொழிற்சாலையின் நிர்வாகத்தினருக்கு,

நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தோம். வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங் வேலைகளுக்கான ஹாட் ஒர்க் பர்மிட் இனி ஒருமுறை எழுதினால் ஏழு நாள் செல்லும் என்கிறீர்கள். அதில் ஆபீஸ் மேனேஜரின் ஒரு கையெழுத்து போதும் என்கிறீர்கள். வேலை முடிந்த பிறகு தீக்காவலுக்கு ஆள் உட்காரத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டீர்கள். பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருக்கும் நான் இந்த மூன்றையும் ஏற்க முடியாது. மேஸ்திரியிடம் வாயால் சொன்னேன், ஆபீஸில் எழுதியும் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இங்கே இலை போடும் விவசாயிகளுக்கும் இது தெரிய வேண்டிய விஷயம்.

இந்தச் சுற்றறிக்கை வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், உறைபனி சீசனில், டிரையரில் நடந்ததை நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்: "சிறு புகை, உடனே அணைக்கப்பட்டது." அந்த நாளின் பர்மிட் படிவம் இன்னும் ஃபைலில்தான் இருக்கிறது. அதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு இந்த மடலைப் படியுங்கள்.

அன்று வார விடுமுறை. டிரையரின் எக்ஸாஸ்ட் காற்று, தூசியைப் பிரித்தெடுக்கும் சைக்ளோனுக்குப் போகும் டக்ட்டில், வளைவு திரும்பும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதன்மேல் ஒரு அடிக்கு ஒரு அடி தகடு வைத்து வெளியிலிருந்து வெல்டு செய்ய வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து காண்டிராக்ட் வெல்டர் வந்திருந்தார். பர்மிட் காலை ஒன்பதேகாலுக்கு எழுதப்பட்டது, மாலை ஐந்தரை வரை செல்லும். ஃபேனின் பிரேக்கர் இறக்கப்பட்டு எலக்ட்ரீஷியன் பூட்டுப் போட்டிருக்கிறார், கையெழுத்து இருக்கிறது. தீயணைப்பான் இரண்டு, தண்ணீர் வாளி நான்கு, டிக் இருக்கிறது. "சுற்றிலும் எரியக்கூடிய பொருள் அகற்றப்பட்டதா" என்ற கேள்விக்கும் டிக் இருக்கிறது. அந்த டிக்கில் பொய் எதுவும் இல்லை. கீழே தரையைக் கூட்டி ஈரச்சாக்கு விரித்திருந்தார்கள், பக்கத்திலிருந்த காலிச் சாக்குக் கட்டுகளை வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள்.

டக்ட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று படிவம் கேட்கவில்லை. அதனால் யாரும் பார்க்கவுமில்லை. பார்க்கும் மூடியின் போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போய் ஒரு சீசன் கடந்துவிட்டது.

டிரையரில் இலை காயும்போது அதன் மெல்லிய ரோமமும் நாரும் பறந்து, காற்றோடு டக்ட்டில் போகின்றன. நேராகப் போகும் இடத்தில் அது தங்காது. வளைவில் வேகம் குறையும், படியும். கைவிரல் புதையும் அளவுக்குக் கெட்டியாக, பழுப்பு நிறக் கம்பளிபோல ஒட்டிக்கொள்ளும். தொழிற்சாலையில் வேலை செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன், நாங்கள் பஞ்சுத்தூசி என்று சொல்வது இதைத்தான். டிரையர் உள்ளே விடும் காற்றே 100 டிகிரி பக்கம் இருப்பதால் அந்தத் தூசியில் ஈரம் அதிகம் மிச்சமிருக்காது. உறைபனி மாதத்தில் பகலில் வெளிக்காற்றும் வறண்டிருக்கும்.

வெல்டிங் செய்யும் இடத்தில் இரும்பு உருக 1500 டிகிரி பக்கம் சூடு வேண்டும். மெல்லிய தகட்டில் முன்பக்கம் ராடு ஓடினால் பின்பக்கம் சிவந்துவிடும். பஞ்சுத்தூசி பற்றுவதற்கு அதில் சிறு பங்குச் சூடே அதிகம். ஆனால் அது குப்பென்று எரியாது. மூடிய டக்ட்டில் காற்றோட்டம் இல்லை, அதனால் சுடர் எழும்பாது. உள்ளுக்குள்ளேயே கனியும். மேலே சாம்பல் படலம் மூடிக்கொள்ளும், அடியில் கங்கு மெதுவாக நகரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெல்டு ஆறிவிட்டது, தகடு கைக்குச் சூடாகக்கூட இல்லை.

மூன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. படிவத்தில் அரை மணி தீக்காவல் என்று இருந்தது. காவலுக்கு உட்கார்ந்த பையனை விறகு லாரி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், அவன் போனான். நாலேகாலுக்கு "வேலை முடிந்தது, இடம் பாதுகாப்பானது" என்று மூடும் கையெழுத்து விழுந்தது. பிரேக்கர் பூட்டு எடுக்கப்பட்டது. அன்று நான் மாலை ஷிப்ட்டுக்கு வந்தேன். முந்தைய நாள் மாலை வந்து வாட்டும் தொட்டியில் கிடந்த இலையை அன்று ராத்திரி ஓட்ட வேண்டும் என்பதால் ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார்கள்.

கனிந்து கிடந்த கங்குக்கு அப்போதுதான் காற்று கிடைத்தது.

உற்பத்தியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கருக்கு வாசனை தெரிந்தது. ஆனால் டிரையர் சூடேறும்போது கருகல் வாசனை வருவது இங்கே புதிதல்ல, தகட்டில் ஒட்டியிருக்கும் பழைய தூள் எப்போதும் கொஞ்சம் தீயும். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. சைக்ளோன் மேலிருந்து போவது புகையா பனியா என்று முற்றத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அடுப்புக்காரர்தான் முதலில் கண்டார். சைக்ளோனுக்கு அடியில் தூசி விழும் டிரம்மில் சிவப்பாகப் பொறி விழுந்துகொண்டிருந்தது. அவர் கத்தியதும் ஃபேனை நிறுத்தி, காற்று வழியை மூடும் டேம்பரை அடைத்தோம். நல்லவேளையாக யாரும் ஹோஸ் பைப்பைத் திறந்து வேகமாக அடிக்கவில்லை. வேகமான தண்ணீரோ, பவுடர் தீயணைப்பானின் வீச்சோ அந்தத் தூசியைக் கிளப்பிக் காற்றில் பரப்பிவிடும். படிந்து கிடக்கும்போது மெல்லக் கனியும் அதே தூசி, மேகமாகப் பறக்கும்போது ஒரே நொடியில் வெடித்துப் பற்றும். மூடியின் போல்ட்டுகளை வெட்டி எடுத்து, ஸ்பிரேயரில் மெல்லிய தூறலாக நனைத்து, கங்கை இரும்பு வாளியில் அள்ளித் தண்ணீரில் போட்டோம். வெட்டியெடுக்க கிரைண்டர் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். உளியால் வெட்டினோம்.

டிரையர் மறுநாள் மதியம்தான் ஓடியது. தொட்டியில் இருந்த இலை சிவந்து போனது, அந்த விவசாயிகளுக்கு என்ன விலை கிடைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். யாருக்கும் காயமில்லை. டக்ட்டிலிருந்து கங்கு தரம் பிரிக்கும் அறைக்குப் போயிருந்தால், மேலே வாட்டும் மாடியின் பலகைத் தளம் வரை ஏறியிருந்தால், தீயணைப்பு வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் நேரம்வரை நாம் என்ன செய்துகொண்டிருந்திருப்போம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஒரு நாளில் முடியும் பர்மிட்டோடு, மூன்று பேர் கையெழுத்தோடு, அரை மணிக் காவல் என்று எழுதிவைத்த படிவத்தோடு நடந்தது. இதிலிருந்து வரும் முடிவு படிவத்தைக் கடினமாக்குவதாகத்தான் இருந்திருக்க வேண்டும். "படிவம் இருந்தும் நடந்ததே, அப்புறம் எதற்கு இத்தனை எழுத்து வேலை" என்று மீட்டிங்கில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கான பதில் படிவத்திலேயே இருக்கிறது.

ஏழு நாளை எடுத்துக்கொள்வோம். பர்மிட் எதைச் சொல்கிறது? இந்த இடத்தை இந்த மணிக்குப் பார்த்தேன், இன்ன நிலையில் இருக்கிறது, இந்த நிலையில் இங்கே நெருப்பு வைக்கலாம் என்று ஒருவர் பொறுப்பேற்கிறார். அந்த நிலை மாறிய நிமிடமே அந்தத் தாளுக்கு உயிர் போய்விடுகிறது. வேறு தொழிற்சாலைகளில் ஒரு அறையைச் சுத்தம் செய்து பூட்டினால் மறுநாளும் அப்படியே இருக்கலாம். நம் இடத்தில் இருக்காது. திங்கள்கிழமை காலை உத்தரத்தைத் துடைத்துப் பர்மிட் எழுதுகிறீர்கள். அன்று ராத்திரி டிரையர் ஓடுகிறது, தரம் பிரிக்கும் ஜல்லடை ஆடுகிறது. செவ்வாய் காலையில் அதே உத்தரத்தில் விரலால் பெயர் எழுதலாம். புதன்கிழமை வேறொரு வெல்டர் வருகிறார், திங்கள்கிழமைத் தாளைக் காட்டுகிறார், அதில் "தூசி அகற்றப்பட்டது" என்று இருக்கிறது. அந்தக் கையெழுத்து இரண்டு ராத்திரிக்கு முந்தைய அறைக்குப் போட்டது.

அதனால் நம் தொழிற்சாலையில் பர்மிட்டின் ஆயுளைக் கடிகாரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, டிரையரையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதிகபட்சம் ஒரு ஷிப்ட். அதற்குள் டிரையரோ ஜல்லடையோ ஓடினால் அந்த நிமிடமே காலாவதி. வெல்டர் சாப்பாட்டுக்குப் போய் ஒரு மணி கழித்து வந்தாலும் மறுபடி ஒருவர் இடத்தைப் பார்த்து நேரத்தோடு சுருக்கொப்பம் போட வேண்டும். ஒரு ஷிப்ட்டுக்குள் முடியாத வேலை என்றால் மறுநாள் புதுப் பர்மிட். எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பார்ப்பதற்குத்தான் நேரம் ஆகும், அந்த நேரத்தைத்தான் நீங்கள் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறீர்கள்.

கையெழுத்து விஷயமும் இதேதான். ஆபீஸ் மேனேஜர்மேல் எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் அவர் கீழ்க்கட்டிடத்தில் மேஜையில் உட்கார்ந்து, காலைத் தபாலோடு சேர்த்துப் பர்மிட்டில் கையெழுத்துப் போட்டால் அது கேட் பாஸ் ஆகிவிடும். பர்மிட் கொடுப்பவர் அந்த இடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். உற்பத்தித் தளத்துக்கு அது டீ மேக்கர். இன்று ராத்திரி இலை ஓட்டுவோமா, எத்தனை மணிக்கு ஃபேன் போடுவோம் என்பது அவருக்குத்தான் தெரியும். வாங்குபவர் வேலையை நடத்தும் ஃபிட்டர் அல்லது வெல்டர். கரண்ட் பூட்டுக்கு எலக்ட்ரீஷியன். தீக்காவலுக்கு உட்காருபவர் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். இந்த நான்கு பேரும் டக்ட்டுக்கு முன்னால் நின்று கையெழுத்துப் போட்டிருந்தால் யாராவது ஒருவர் "உள்ளே பார்த்தீங்களா" என்று கேட்டிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விடுமுறை நாளில் ஆள் இல்லை என்று அதுவும் நடக்கிறது.

படிவத்தைப் பற்றி இன்னொன்று. நம் படிவம் ஏதோ பெட்ரோலிய அல்லது கெமிக்கல் கம்பெனியின் படிவத்தைப் பார்த்து அடித்தது. வாயு சோதனை எத்தனை சதவீதம் என்று பெரிய கட்டம் இருக்கிறது. நம்மிடம் அதை அளக்கும் மீட்டரே இல்லை, எல்லோரும் "பொருந்தாது" என்று எழுதிவிட்டு நகர்கிறோம். அந்தக் கட்டம் தேவைப்படும் இடம் நம்மிடம் ஒன்றுதான், ஜெனரேட்டரின் டீசல் டேங்க். அதில் வெல்டு வேண்டுமென்றால் காலி செய்து, கழுவி, ஆவி போக்கி, மீட்டர் உள்ளவரை வரவழைத்து அளந்துவிட்டுத்தான் தொட வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவே எரியும் பொருள் இருந்த பாத்திரத்தை அப்படிச் செய்யாமல் வெல்டிங்குக்கு உட்படுத்தக்கூடாது என்றது. வெடிக்கக்கூடிய தூசி சேராமல் தடுக்க வேண்டும், தீப்பொறிக்கு வழி இருக்கக் கூடாது என்று சொன்னதும் அதே பிரிவுதான். வாயுவுக்கு இடம் கொடுத்த நம் படிவம் தூசிக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. பழக்கமில்லாத கேள்விக்குப் "பொருந்தாது" எழுதிப் பழகிய கை, பொருந்தும் கேள்விக்கும் அதையே எழுதிவிடும், அந்த ஆபத்தும் இருக்கிறது.

அடுத்து தீக்காவல். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்குக் கூலி என்கிறீர்கள். தீ, வெல்டர் இருக்கும்போது பிடிப்பதைவிட அவர் போன பிறகு தெரியவருவதுதான் இந்த வேலையில் வழக்கம். உலகம் முழுக்க இந்த விதிக்கு எடுத்துக்காட்டாகப் பார்க்கப்படும் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 51பி விதியில், வேலை முடிந்த பின் அரை மணி என்று இருந்த காவல் 2019 பதிப்பில் ஒரு மணி ஆக்கப்பட்டது. நீங்கள் அரை மணியைப் பூஜ்யம் ஆக்குகிறீர்கள். அதே விதி சுற்றிலும் 35 அடி, அதாவது சுமார் 11 மீட்டர் வரை எரியும் பொருளை அகற்றச் சொல்கிறது, முடியாவிட்டால் தீப்பிடிக்காத விரிப்பால் மூடச் சொல்கிறது. நம் தளத்தில் 11 மீட்டர் என்றால் டிரையரிலிருந்து மூட்டை அடுக்கும் இடம் வரை வந்துவிடும். மேல்மாடிப் பலகை இடுக்கு வழியாகப் போனால் வாட்டும் தொட்டியும் அதற்குள் அடங்கும். பொறி பக்கவாட்டில் மட்டும் பறப்பதில்லை, இடுக்கில் விழும், ஓடும் ஃபேன் இருந்தால் அதன் வாய்க்குள் போகும்.

நம் தூசிக்கு ஒரு மணிகூட எனக்குப் போதவில்லை. அன்று வேலை முடிந்து இரண்டேகால் மணி நேரம் கழித்துத்தான் பொறி வெளியே வந்தது. அதுவும் ஃபேன் போட்டதால் வந்தது. போடாமல் இருந்திருந்தால் நடுராத்திரியில்கூட வந்திருக்கலாம். ஒரு மணி அசையாமல் காவல், அப்புறம் மூன்று மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒருமுறை வாட்ச்மேன் வந்து பார்ப்பது, அதுவரை ஃபேன் பூட்டை எடுக்காமல் வைப்பது. வாட்ச்மேன் எப்படியும் ராத்திரி சுற்றுகிறவர்தான், அவருக்குத் தனிக் கூலி கிடையாது.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். உறைபனியில் இலை குறையும் மாதத்தில்தான் பராமரிப்பு எல்லாம் முடிய வேண்டும். சின்னச் சின்ன வேலை நிறைய. வெல்டருக்கு நாள் கூலி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் பர்மிட்டுக்காகக் காத்திருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பர்மிட்டின் எண்ணிக்கையைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி வெளியே கொண்டுபோங்கள். விறகு அடுக்கும் இடத்திலிருந்து தள்ளி, சிமென்ட் தரையும் தகரக் கூரையும் உள்ள பழைய ஷெட் சும்மா கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து, எரியும் பொருள் எதுவும் வைக்காமல், நிரந்தர வெல்டிங் இடமாக அறிவித்தால் அங்கே ஒவ்வொரு வேலைக்கும் பர்மிட் எழுத வேண்டியதில்லை. கன்வேயர் ரோலர், ஜல்லடைச் சட்டம், டிராலி எல்லாம் அங்கே போகலாம். அந்த டக்ட் ஓட்டைக்குக்கூட வெல்டிங் தேவையே இல்லை. கேஸ்கெட் வைத்து, கையால் துளை போட்டு, போல்ட்டால் இறுக்கியிருந்தால் போதும். எக்ஸாஸ்ட் டக்ட்டில் பெரிய அழுத்தம் ஒன்றும் கிடையாது. "நெருப்பில்லாமல் இதைச் செய்ய முடியாதா?" என்பதுதான் படிவத்தின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், அதற்கு "முடியாது" என்று எழுதுபவர் காரணத்தையும் எழுத வேண்டும்.

என் கோரிக்கைகள் இவை. ஏழு நாள் சுற்றறிக்கையை உடனே திரும்பப் பெறுங்கள், பர்மிட் ஒரு ஷிப்ட்டுக்கு மட்டும் செல்லும் என்றும் டிரையரோ ஜல்லடையோ ஓடினால் செல்லாது என்றும் எழுதுங்கள். டீ மேக்கர், வேலை செய்பவர், எலக்ட்ரீஷியன், தீக்காவலர் நால்வரும் வேலை நடக்கும் இடத்தில் நின்று, நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று விதி வையுங்கள். மூடும் கையெழுத்தைத் தீக்காவலர்தான் முதலில் போட வேண்டும், ஒரு மணி முடியாமல் போடக் கூடாது, காவலில் இருப்பவரை லாரிக்கோ வேறு எதற்கோ யாரும் கூப்பிடக் கூடாது. அடுத்த மூன்று மணி நேரச் சுற்றை வாட்ச்மேன் அதே தாளில் குறிக்க வேண்டும், அது முடியாமல் ஃபேன் பூட்டு வெளியே வரக் கூடாது. படிவத்தில் இரண்டு கேள்விகள் புதிதாக வேண்டும்: தகட்டின் மறுபக்கத்தை யார், எத்தனை மணிக்குத் திறந்து பார்த்தார்? அங்கே இருந்த பஞ்சுத்தூசி அள்ளப்பட்டதா? திறக்க முடியாத மூடி என்றால் அங்கே வெல்டிங்கும் கிடையாது. டக்ட்டின் எல்லா வளைவுகளிலும் உள்ள மூடிகளின் போல்ட்டுகளை மாற்றி, எளிதில் திறக்கும்படி செய்து கொடுங்கள். இந்த வேலையை எங்கள் பிரிவே கிரைண்டர் இல்லாமல் செய்து முடிக்கும்.

கடைசியாக, உறைபனி சீசனில் நடந்த அந்த நாளின் படிவத்தை, எல்லோர் பெயரையும் மறைத்துவிட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அடுத்த வார விடுமுறையில் தரம் பிரிக்கும் அறையில் மூன்று வெல்டிங் வேலைகள் போடப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்னால் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் ஏழு நாள் பர்மிட்டில் வாங்குபவர் இடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், காரணத்தை அந்தக் கட்டத்திலேயே எழுதிக் கொடுப்பேன். இந்த மடலின் நகலைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர்